ஃபேக்டர் 8 அளவெடுக்க: ஒரு டைலூஷனா, மூன்றா, குரோமோஜெனிக்கா?

ஹெர்னியா அறுவைக்கு முன் பார்த்த ரத்தத்தில் ஏபிடிடி நீண்டிருந்ததால், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் மாதிரி எங்கள் பெஞ்சுக்கு வந்தது. அப்போதெல்லாம் நாங்கள் ஃபேக்டர் 8-ஐ 1:10 டைலூஷனில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 25 சதவீதம் வந்தது. 'லேசான ஹீமோபிலியா ஏ-க்குப் பொருந்துகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஹீமட்டாலஜி மருத்துவர் போன் செய்தார். "இவருக்குப் பத்து வயதில் டான்சில் எடுத்திருக்கிறார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. அம்மா வழியில் மாமாக்கள் மூன்று பேர், யாருக்கும் ரத்தப்போக்கு இல்லை. எனக்கு ஒத்துவரவில்லை, இன்னொரு தடவை பாருங்கள்." உறைய வைத்திருந்த இன்னொரு குழாயை எடுத்து, இந்த முறை 1:20, 1:40, 1:80 என்று வரிசையாக ஓட்டினேன். அன்று வந்த எண்களைப் பார்த்த பிறகு, ஒற்றை டைலூஷன் முறையை விட்டுவிட்டோம்.

புதிதாக ஃபேக்டர் சோதனை தொடங்குகிற ஆய்வகத்தின் முன்னால் இருப்பது இந்தத் தேர்வுதான்: ஒற்றை நிலை சோதனையை ஒரு டைலூஷனில் ஓட்டுவதா, மூன்றில் ஓட்டுவதா, இல்லை குரோமோஜெனிக் முறைக்குப் போய்விடுவதா. மூன்றில் எதை எடுத்தால் எங்கே இடறும் என்பதை, அன்றைய எண்களை வைத்தே சொல்கிறேன்.

குழாய்க்குள் நடப்பது

ஒற்றை நிலை சோதனை என்பது உண்மையில் கொஞ்சம் மாற்றியமைத்த ஏபிடிடிதான். நோயாளியின் பிளாஸ்மாவைப் பஃபரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 0.1 மில்லி எடுக்கிறோம். அதனுடன் ஃபேக்டர் 8 மட்டும் இல்லாத, மற்ற எல்லா ஃபேக்டர்களும் இயல்பாக இருக்கிற பிளாஸ்மா 0.1 மில்லி, ஏபிடிடி ரீஏஜென்ட் 0.1 மில்லி. 37 டிகிரி வாட்டர் பாத்தில் சரியாக ஐந்து நிமிடம் (ரீஏஜென்டைப் பொறுத்து இந்த நேரம் கொஞ்சம் மாறும்). பிறகு, முன்பே சூடாக்கி வைத்த கால்சியம் குளோரைடு 0.1 மில்லி விட்டு, கடிகாரத்தை ஓட விட வேண்டும். கட்டி விழுகிற விநாடிதான் நமக்கு வேண்டிய எண்.

இதன் சூட்சுமம் அந்த ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. மற்ற ஃபேக்டர்கள் எல்லாவற்றையும் அது தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. நோயாளிக்கு ஃபேக்டர் 9 குறைந்திருந்தாலும் 11 குறைந்திருந்தாலும் அது இங்கே தெரியாது. கட்டி விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத் தீர்மானிக்கிற ஒரே ஆள் நோயாளியின் ஃபேக்டர் 8 என்று ஆகிவிடுகிறது. குறைந்தபட்சம், அப்படி ஆகும் என்று நம்பித்தான் சோதனையைச் செய்கிறோம். அந்த நம்பிக்கை எப்போது பொய்க்கும் என்பதுதான் டைலூஷன் கேள்வியே.

விநாடியைச் சதவீதமாக மாற்ற ஒரு கோடு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தரத்தோடு ஒப்பிட்டு அளவு குறிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு பிளாஸ்மாவை 1:10-ல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே போய், செமி-லாக் தாளில் புள்ளி வைக்கிறோம். 1:10-க்கு 100 சதவீதம் என்று பெயர். (குப்பியில் 92 என்று போட்டிருந்தால் அது 92தான். 100 என்று வைத்துக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.) 1:20 என்றால் 50, 1:40 என்றால் 25. நோயாளியின் 1:10 விநாடியைக் கோட்டில் பார்த்தால் நேரடியாகச் சதவீதம் கிடைக்கும். 1:20-ல் படித்ததை இரண்டால் பெருக்க வேண்டும், 1:40-ல் படித்ததை நான்கால்.

ஒரு டைலூஷன், மூன்று டைலூஷன்

கீழே உள்ளதில் சிறுவன் என்பது பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் ரத்தம் கசிந்துகொண்டிருந்த ஏழு வயதுப் பையன். இளைஞர், மேலே சொன்னவர்.

| டைலூஷன் | ஸ்டாண்டர்டு (விநாடி) | சிறுவன் (விநாடி) | இளைஞர் (விநாடி) |
|---|---|---|---|
| 1:10 | 60.0 | 83.0 | 72.0 |
| 1:20 | 66.0 | 88.7 | 73.6 |
| 1:40 | 72.0 | 95.3 | 76.4 |
| 1:80 | 78.0 | பார்க்கவில்லை | 81.6 |

ஸ்டாண்டர்டில் ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் 6 விநாடி கூடுகிறது. சிறுவனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான், முதலில் 5.7, அப்புறம் 6.6. அவனுடைய மூன்று விநாடிகளையும் கோட்டில் படித்துப் பெருக்கினால் 7.1, 7.3, 6.9 என்று வருகிறது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்கின்றன. தாளில் வரைந்தால் அவன் கோடு ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம் மாதிரி இணையாக ஓடும். அவன் பிளாஸ்மாவை நீர்க்கச் செய்வதும் நல்ல பிளாஸ்மாவை நீர்க்கச் செய்வதும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றால், வித்தியாசம் ஃபேக்டர் 8-ன் அளவில் மட்டுமே என்று அர்த்தம். 7 சதவீதம் என்று தைரியமாக எழுதலாம்.

இளைஞரைப் பாருங்கள். 1:10-ல் 72 விநாடி, அது 25 சதவீதம். 1:20-க்குப் போகும்போது 6 விநாடி கூட வேண்டிய இடத்தில் 1.6 விநாடிதான் கூடியிருக்கிறது. கோட்டில் படித்தால் 20.9, இரண்டால் பெருக்க 42 சதவீதம். 1:40-ல் 15.1, நான்கால் பெருக்க 60. 1:80-ல் 8.3, எட்டால் பெருக்க 66. தண்ணீர் விட விட ஃபேக்டர் கூடுவது போல் தெரிகிறது. எந்தப் பிளாஸ்மாவிலும் அப்படி நடக்காது. உண்மையில் நீர்த்துப்போனது வேறொன்று: அவருடைய பிளாஸ்மாவில் இருந்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். அது ரீஏஜென்டில் உள்ள பாஸ்போலிப்பிடைப் பிடித்துக்கொண்டு கட்டி விழுவதைத் தாமதப்படுத்துகிற ஆன்டிபாடி. 1:10-ல் அதற்கு இன்னும் பலம் இருந்தது. 1:80-ல் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது, ஃபேக்டர் 8-ன் நிஜமான அளவு வெளியே தெரிந்தது. பிறகு செய்த லூபஸ் சோதனையும் அதையே உறுதிப்படுத்தியது.

ரத்தம் நிற்காது என்று நினைத்து இவருக்கு அறுவைக்கு முன் ஃபேக்டர் 8 ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ளவர்களுக்குக் கவலையே எதிர்ப்பக்கத்தில்தான், ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைந்துவிடுமோ என்பதுதான். 25 சதவீதம் என்று நான் எழுதிய அந்த ஒற்றை எண், இயந்திரக் கோளாறோ பைப்பெட் தவறோ இல்லாமல், கன்ட்ரோல் எல்லாம் சரியாக வந்த நாளில், தவறாக இருந்தது. ஒற்றை டைலூஷனில் இருக்கிற பெரிய குறை இதுதான். தப்பு நடந்தால்கூட அது நமக்குச் சொல்லாது.

லூபஸ் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றில்லை. ஹெப்பாரின் ஓடுகிற குழாயிலிருந்து எடுத்த ரத்தமும் இதே மாதிரி படிப்படியாக ஏறும். அதனால் கோடு இணையாக வராத மாதிரிக்கு நான் முதலில் கேட்பது, ரத்தம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்றுதான்.

சரி, செலவு? ஒற்றை டைலூஷனுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது எப்போதும் இதுதான். ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மா விலை கூடியது, 1 மில்லி குப்பியில் பத்துக் குழாய்தான் ஓட்டலாம், கரைத்துவிட்டால் அதே நாளில் தீர்த்துவிட வேண்டும். நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் வரை. ஸ்டாண்டர்டு கோட்டுக்கு ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு குழாய், ஆக 1.2 மில்லி. பஃபர் மட்டும் விட்ட பிளாங்க் இரண்டு குழாய், 0.2. நார்மல் கன்ட்ரோலும் குறைந்த கன்ட்ரோலும் சேர்த்து 0.4. நோயாளியை ஒரு டைலூஷனில் பார்த்தால் 0.2, மூன்றில் பார்த்தால் 0.6. மொத்தம் 2.0 மில்லிக்குப் பதில் 2.4 மில்லி. செலவின் பெரும்பகுதி கோட்டுக்கும் கன்ட்ரோலுக்கும் போகிறது, நோயாளிக்கு அல்ல. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரிகளை உறைய வைத்துச் சேர்த்து, வாரத்தில் ஒரு நாள் மூன்று நான்கு பேரை ஒரே கோட்டில் ஓட்டலாம். டைலூஷனைக் குறைப்பது தப்பான இடத்தில் சிக்கனம்.

உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டுதலும் நோயாளியின் பிளாஸ்மாவைக் குறைந்தது மூன்று டைலூஷனில் பார்க்கச் சொல்கிறது. ஒற்றை டைலூஷனுக்கு நான் இடம் கொடுப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: ஏற்கெனவே நோய் உறுதியானவர், இன்ஹிபிட்டர் இல்லை என்று தெரிந்தவர், அறுவை நடந்துகொண்டிருக்கிறது, ஃபேக்டர் ஏற்றிய பின் அளவு எவ்வளவு என்று உடனே தெரிய வேண்டும். அங்கே வேகம்தான் முக்கியம்.

தரம் பிரிக்கும் இடம்

2001-ல் பன்னாட்டு ரத்த உறைவுச் சங்கத்தின் குழு வகுத்த எல்லைகளைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறோம். 1 சதவீதத்துக்குக் கீழே கடுமையானது. 1 முதல் 5 வரை நடுத்தரம். 5-க்கு மேல் 40-க்குக் கீழ் லேசானது. (சதவீதம் என்பதும் டெசிலிட்டருக்கு இத்தனை யூனிட் என்பதும் ஒன்றுதான்.) கடுமையான வகையில் அடிபடாமலே முழங்காலும் கணுக்காலும் வீங்கும். நடுத்தரத்தில் சின்ன அடிக்குப் பின், லேசானதில் பல் பிடுங்கும்போதோ அறுவையின்போதோதான் வெளியே தெரியும். நம் சிறுவனின் 7 சதவீதம் லேசானது. அவன் கதையும் அதற்குப் பொருந்துகிறது.

ஆனால் எல்லைகள் மூன்றும் ஒரே மாதிரி சுலபமானவை அல்ல. 5-ஐயும் 40-ஐயும் பிரிப்பது எங்கள் கோட்டில் பெரிய சிரமமில்லை. 1-ஐப் பிரிப்பதுதான் பாடு. மேலே உள்ள கோட்டை நீட்டினால் 10 சதவீதம் 80 விநாடியில் வரும், 1 சதவீதம் 100 விநாடியில். பிளாங்க், அதாவது ஃபேக்டர் 8 துளியும் சேர்க்காத குழாய், 106 விநாடி. ஒரு குழந்தைக்கு 'நடுத்தரம்' என்பதற்கும் 'கடுமை' என்பதற்கும் உள்ள முழு வித்தியாசமும் அந்த ஆறு விநாடிக்குள் அடங்கிக் கிடக்கிறது. 100 விநாடிக்குப் பக்கத்தில் இரட்டைக் குழாய்களுக்கிடையே 3 விநாடி விலகுவது பெஞ்சில் சாதாரணம். 3 விநாடி விலகினால் 1 சதவீதம் 0.7 ஆகவும் படிக்கும், 1.4 ஆகவும் படிக்கும். அந்த வார்த்தையை வைத்துத்தான் சில இடங்களில் ரத்தப்போக்கு வராமல் தடுக்கிற ஃபேக்டர் ஊசியை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்கிறார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது டைலூஷனை எதிர்த்திசையில் நகர்த்துவது. குறைந்த மாதிரிகளை 1:10-க்குப் பதில் 1:5-ல் தொடங்குகிறோம். 1 சதவீதம் உள்ளவரின் பிளாஸ்மா 1:5-ல் இரு மடங்கு செறிவு, அதனால் 94 விநாடியில் கட்டி விழும். பிளாங்கிலிருந்து இப்போது 12 விநாடி தள்ளி வந்துவிட்டோம். கோட்டில் 2 என்று படித்து இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாண்டர்டுக்கும் 10 சதவீதத்திலிருந்து 0.5 வரை தனியாக ஒரு கீழ்க்கோடு போட்டுக்கொள்கிறோம். 100-லிருந்து வரும் நீளக் கோட்டை அப்படியே கீழே நீட்டிப் படிப்பது நம்பகமில்லை, அடியில் அது வளைந்து தட்டையாகும்.

இந்த அடிமட்டத்தில் இன்னொரு பொறி, நாம் வாங்குகிற ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவே. அதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஃபேக்டர் 8 இருக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பிளாங்க் சீக்கிரம் உறையும், கீழ்க்கோடு படுத்துவிடும், கடுமையான நோயாளியையும் 1 சதவீதத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. புதிய லாட் வந்ததும் பிளாங்கையும் 1 சதவீதப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்களிடம் ஒரு லாட்டில் இரண்டுக்கும் இடையே 2 விநாடிதான் இருந்தது. மேல் அளவுகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது, தரம் பிரிக்க மட்டும் பயன்படுத்தவில்லை.

எண்ணை வார்த்தையாக மாற்றுவதற்கு முன் மாதிரியின் பிறப்பையும் கேட்க வேண்டும். சென்ற வாரம் வந்த ஒரு 3 சதவீதம், இரண்டு நாளுக்கு முன் ஃபேக்டர் ஏற்றிக்கொண்டவருடையது. அது அவருடைய சொந்த அளவு அல்ல, ஊசியின் மிச்சம். பக்கத்து ஊரிலிருந்து ஐஸில் வைத்து முழு ரத்தமாகவே கொண்டுவந்தால் ஃபேக்டர் 8 வழியிலேயே குறைந்துவிடும். நல்ல எண்ணத்தில்தான் ஐஸ் வைக்கிறார்கள், என்ன செய்வது. மறுபக்கம், காய்ச்சலும் கர்ப்பமும் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற குழந்தையின் பதற்றமும் ஃபேக்டர் 8-ஐ ஏற்றிவிடும். லேசான வகையினர் அப்படி ஒரு நாளில் நார்மலாகக்கூட வந்து போவார்கள். தரத்தை ஒரே மாதிரியை வைத்து நான் முடிவு செய்வதில்லை.

குரோமோஜெனிக்

இது இரண்டு நிலைச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவை நிறைய நீர்க்கச் செய்து, சுத்திகரித்த ஃபேக்டர் 9ஏ, ஃபேக்டர் 10, பாஸ்போலிப்பிட், கால்சியத்துடன் சேர்த்தால், அதிலுள்ள ஃபேக்டர் 8-க்கு ஏற்ற அளவு ஃபேக்டர் 10ஏ உண்டாகும். அடுத்த நிலையில் அந்த 10ஏ ஒரு செயற்கைப் பொருளை வெட்டி மஞ்சள் நிறத்தை விடுவிக்கிறது, நிறத்தின் அடர்த்தியை அளக்கிறோம். கட்டியும் இல்லை, ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவும் இல்லை. இவ்வளவு நீர்க்கச் செய்வதால் லூபஸ் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. நம் இளைஞரை முதலிலேயே இதில் பார்த்திருந்தால் 25 என்று எழுதியிருக்க மாட்டேன்.

இதன் உண்மையான தேவை லேசான வகையில்தான். அவர்களில் கணிசமான பேருக்கு இரண்டு முறைகளும் வேறு வேறு அளவு சொல்கின்றன. சில மரபணு மாற்றங்களில் ஃபேக்டர் 8 செயல்பட ஆரம்பித்த பிறகு அதன் ஒரு துண்டு சீக்கிரம் கழன்றுவிடும். ஒற்றை நிலைச் சோதனை சட்டென்று முடிவதால் அது தெரியாது, 45 அல்லது 50 என்று நார்மல் மாதிரி வரும். குரோமோஜெனிக்கில் காத்திருக்கும் நேரம் அதிகம், துண்டு கழன்று 15 என்று வரும். ரத்தப்போக்கு 15-க்குப் பொருந்தும்படிதான் இருக்கும். ஒற்றை நிலையை மட்டும் நம்பினால் இப்படிப்பட்டவரை 'ஹீமோபிலியா இல்லை' என்று அனுப்பிவிடுவோம். இதற்கு நேர்மாறான குடும்பங்களும் உண்டு, ஒற்றை நிலையில் குறைவாகவும் குரோமோஜெனிக்கில் நார்மலாகவும். அவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தப்போக்குத் தொல்லை இருக்காது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு முதல் நோயறிதலின்போது இரண்டையும் செய்யச் சொல்வது இதனால்தான்.

எமிசிசுமாப் ஊசி போடுகிறவர்களிடம் ஒற்றை நிலைச் சோதனை முழுக்கப் பயனற்றது. அந்த மருந்தே ஃபேக்டர் 8-ன் வேலையைச் செய்வதால் கட்டி சட்டென்று விழும், 1 சதவீதம்கூட இல்லாதவருக்கு நார்மலைத் தாண்டிய எண் வரும். அங்கே மாட்டு ஃபேக்டர்கள் கொண்ட குரோமோஜெனிக் கிட் வேண்டும். மனித ஃபேக்டர்கள் உள்ள கிட்டில் மருந்தும் சேர்ந்து அளக்கப்படும்.

இத்தனைக்குப் பிறகும் சிறிய ஆய்வகம் குரோமோஜெனிக்கில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கிட் விலை ஒரு பக்கம். திறந்த கிட்டைத் தீர்க்கும் அளவுக்கு வாரந்தோறும் மாதிரிகள் வராது என்பது இன்னொரு பக்கம். மாதம் பத்துப் பதினைந்து மாதிரி வருகிற இடத்தில் மூன்று டைலூஷன் ஒற்றை நிலையை வைத்துக்கொண்டு, கீழ்க்கோட்டை ஒழுங்காகப் போட்டு, இரண்டு வகை மாதிரிகளை மட்டும் உறைய வைத்துப் பெரிய மையத்துக்கு அனுப்பலாம். ஒன்று, 5-க்கு மேல் 50 வரை வருகிற புதிய நோயாளிகள். மற்றது, அளவு நார்மலாக வந்தும் ரத்தப்போக்கு வரலாறு உறுத்துகிறவர்கள்.

அந்த முதல் வகையை அனுப்பும்போதே வான் வில்லிபிராண்ட் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், அந்த நோயின் ஒரு வகையில் ஃபேக்டர் 8 மட்டும் குறைந்து லேசான ஹீமோபிலியா போலவே வரும். புரோத்ராம்பின் டைமும் நீண்டிருந்தால் ஃபேக்டர் 5-ஐப் பாருங்கள். ஃபேக்டர் 5, 8 இரண்டும் சேர்ந்து குறைகிற பரம்பரை நோய் அரிது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அது வெளிப்படும் என்பதால், மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொள்கிற நம் பக்கத்தில் அதை மறந்துவிட முடியாது. பெண் குழந்தைக்கு 'லேசான ஹீமோபிலியா' என்று எண் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டும்தான்.